முகம் மட்டும் ஏன் மங்கவில்லை?

சண்டைக் காட்சி ஒன்றில் வில்லன் ஓங்கிக் குத்துகிறான். கதாநாயகனின் தலை ஒரு பக்கமாகத் தெறிக்கிறது. அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திப் பாருங்கள். காது கோடாக இழுபட்டிருக்கும். தலைமுடி கலங்கிக் கிடக்கும். சட்டைக் காலர் எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இவ்வளவுக்கும் நடுவில் கண்ணும் மூக்கும் மட்டும், இமை முடியை எண்ணிவிடலாம் என்கிற தெளிவோடு இருந்தால் அந்த முகம் அந்த உடம்புக்குச் சொந்தமில்லை. அடி வாங்கியவர் டூப். அவர் முகத்தின் மேல் நடிகரின் முகம் பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது. வைத்தவர் நிறத்தைச் சரிசெய்துவிட்டார், வெளிச்சத்தையும் சரிசெய்துவிட்டார், மங்கலை மறந்துவிட்டார்.

ஓடுகிற படத்தில் இந்த ஒரு பிரேம் நம் கண்ணில் படும் நேரம் ஒரு நொடியில் 24-ல் ஒரு பங்குதான். என்ன தப்பு என்று யாராலும் விரல் வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் முகம் தலையோடு சேராமல் மேலே மிதப்பதாக ஓர் உறுத்தல் இருக்கும். “கிராபிக்ஸ் சரியில்லை” என்று தியேட்டரில் வரும் முணுமுணுப்புக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

இதைச் சரிசெய்வது கண் மதிப்பில் செய்யும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் மங்கலாக்கிப் பார்ப்பது, போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டுவது. அப்படிச் செய்தால் ஒரு பிரேமுக்குப் பொருந்தும், அடுத்ததில் பல்லிளிக்கும். தேவையான மங்கல் எவ்வளவு, எந்தத் திசையில் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை எடுத்த காட்சியிலேயே இருக்கிறது. அதை அளந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஷட்டர் திறந்திருந்த நேரம்

சினிமா கேமரா நொடிக்கு 24 பிரேம் எடுக்கிறது. ஒவ்வொரு பிரேமும் ஒரு கணத்தின் படம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஷட்டர் திறந்து மூடும் வரை நடந்த அத்தனையும் ஒன்றன் மேல் ஒன்றாக அந்த ஒரே படத்தில் பதிகிறது. அசையாத சுவர் பதிந்த இடத்திலேயே பதிவதால் கூர்மையாக வருகிறது. நகரும் தலை, தான் கடந்துபோன இடங்களில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிந்து இழுபடுகிறது. ஈரம் காயாத எழுத்தின் மேல் விரல் பட்டால் மை எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் இழுபட்டிருக்கிறது என்பதை வைத்தே விரல் போன வழியைச் சொல்லிவிடலாம். இதுவும் அதே கதைதான். தொழிலில் இதற்கு மோஷன் பிளர் என்று பெயர்.

ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதைக் கோணத்தில் சொல்வது சினிமாக்காரர்களின் வழக்கம். பழைய பிலிம் கேமராவில் ஷட்டர் என்பது சுழலும் வட்டத் தகடு. அதில் பாதியை வெட்டி எடுத்திருந்தால் 180 டிகிரி. ஒரு பிரேமுக்கு உரிய நேரத்தில் பாதி மட்டும் வெளிச்சம் உள்ளே போகும். நொடிக்கு 24 பிரேம் என்றால் அது 1/48 நொடி. இன்றைய டிஜிட்டல் கேமராவில் தகடு இல்லை, கணக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. பெரும்பாலான படங்கள் இந்த 180 டிகிரியில்தான் எடுக்கப்படுகின்றன. நம் கண்ணுக்குப் ‘படம் மாதிரி’ இருப்பதும் அதுதான்.

மாற்றிப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1998-ல் வந்த ‘சேவிங் பிரைவேட் ரையன்’ நல்ல சான்று. ஒளிப்பதிவாளர் யானுஷ் காமின்ஸ்கி கடற்கரைப் போர்க் காட்சிகளுக்கு 45 டிகிரி, 90 டிகிரி ஷட்டரைப் பயன்படுத்தினார். இழுவை குறைந்தது. வெடித்துச் சிதறும் மண் துகள்கள் தனித்தனியாகத் தெரிந்தன. ஓடுகிற சிப்பாய்கள் வெட்டி வெட்டி நகர்வதுபோல் வந்தது. அந்தப் பதற்றம்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

ஆகவே மங்கலின் கணக்கு மிகச் சுலபமானது:

```
இழுவை = ஒரு பிரேமில் நகர்ந்த தூரம் × (ஷட்டர் கோணம் ÷ 360)
```

தலை ஒரு பிரேமிலிருந்து அடுத்ததற்கு 40 பிக்சல் நகர்ந்தால் 180 டிகிரியில் இழுவை 20 பிக்சல். 90 டிகிரியில் 10 பிக்சல். இழுவையின் திசை, தலை போன பாதையின் திசை.

மாற்றுமுகம் கூர்மையாக வருவது ஏன்?

முகம் மாற்றும் வேலை சினிமாவுக்குப் புதிதில்லை. 1993-ல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்தில், கூரையிலிருந்து சிறுமி தொங்கும் காட்சியில் அவளுக்காக நடித்த டூப் தெரியாமல் கேமராவை நிமிர்ந்து பார்த்துவிட்டார். திரும்ப எடுப்பதற்குப் பதிலாக, இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தார் சிறுமியாக நடித்த ஆரியானா ரிச்சர்ட்ஸின் முகத்தை டூப்பின் முகத்தின் மேல் கணினியில் பதித்தார்கள். அன்றைக்கு முகத்தைத் தனியாகப் படம்பிடித்து, பிரேம் பிரேமாகப் பொருத்தினார்கள். இன்று அதே வேலைக்கு, நடிகரின் ஆயிரக்கணக்கான முகப் படங்களைக் கொடுத்துப் பழக்கிய மென்பொருள்களும் வந்துவிட்டன. இரண்டு வழியிலும் மங்கல் தொலைந்துபோகிறது. தொலையும் விதம்தான் வேறு.

தனியாக எடுத்து ஒட்டும் முறையில் நடிகர் பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்து, தலையை அதிகம் ஆட்டாமல் முகபாவத்தை மட்டும் தருகிறார். அசையாத முகம் மங்காது. அதை அசைகிற தலையில் ஒட்டினால் முகம் தலையோடு நகரும், இழுபடாது.

மென்பொருள் முறையில் நடப்பது இன்னும் சுவாரசியம். அது ஒவ்வொரு பிரேமிலும் கண், மூக்கு, வாயின் ஓரங்களைத் தேடிப் பிடிக்கிறது. அவற்றை வைத்து முகத்தைச் சதுரமாக வெட்டி, சாய்வை நிமிர்த்தி, ஒரே அளவுக்குக் கொண்டுவருகிறது. அந்தச் சதுரத்துக்குள்தான் புதிய முகத்தை உருவாக்குகிறது. பிறகு அதைப் பழைய இடத்திலேயே, பழைய சாய்விலேயே திருப்பி வைக்கிறது. வெட்டி நிமிர்த்திய கணத்திலேயே தலை எங்கிருந்து எங்கே போனது என்ற செய்தி கழன்றுவிடுகிறது. சதுரத்துக்குள் இருக்கும் முகம் எந்தப் பிரேமிலும் நடுவிலேயே நிற்கிறது. பழகிய படங்களில் பெரும்பாலானவை தெளிவானவை என்பதால், மங்கிய முகத்தைக் கொடுத்தாலும் அது தெளிவான முகத்தையே திருப்பித் தருகிறது.

தலை மிக வேகமாகப் போகும் பிரேம்களில் இன்னொரு தொல்லை. கண்ணும் மூக்கும் கரைந்துபோயிருப்பதால் மென்பொருள் அவற்றைத் தப்பான இடத்தில் கண்டுபிடிக்கிறது. ஒரு பிரேமில் ஐந்தாறு பிக்சல் மேலே, அடுத்ததில் கீழே. முகம் தலையின் மேல் துள்ளுகிறது. மங்கலைக் கணக்கிடவும் இதே புள்ளிகளைத்தான் நம்பப்போகிறோம் என்றால், இடம் தப்பினால் திசையும் தப்பும். ஆகவே முதல் வேலை மங்கல் போடுவது அல்ல, தலை போன பாதையைச் சரியாகப் பிடிப்பது. மங்கிய பிரேமில் ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்று கேட்டால், இழுவையின் நடுப்புள்ளிதான் விடை. அனுபவமுள்ளவர்கள் வேகமான பிரேம்களில் மென்பொருளை நம்பாமல் நடுப்புள்ளியைக் கையால் குறித்துவிடுவார்கள்.

கடுக்கன் சொல்லும் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். டூப் குத்து வாங்கித் தலை வலப்பக்கமாகவும் கொஞ்சம் கீழாகவும் போகிறது. காதில் சிறிய கடுக்கன், அதில் விளக்கின் ஒளி மின்னுகிறது. இந்தக் காட்சிக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. காது மாற்றப்படும் பகுதிக்கு வெளியே இருப்பதால், கேமரா பதிந்த அசல் மங்கல் அதில் அப்படியே இருக்கிறது. கடுக்கன் இல்லை என்றால் கழுத்து மச்சம், காலர் பொத்தான், நெற்றி ஓரத்து வியர்வைத் துளி என்று சிறிதாகவும் பளிச்சென்றும் இருக்கும் எதுவும் உதவும்.

குத்து விழுந்தபின் மூன்றாவது பிரேமில் கடுக்கன் இடது ஓரத்திலிருந்து 630-வது பிக்சலில் இருக்கிறது. ஐந்தாவதில் 706. இரண்டு பிரேமில் 76 பிக்சல் வலப்பக்கம் போயிருக்கிறது. இதே இடைவெளியில் 22 பிக்சல் கீழே இறங்கியிருக்கிறது. நடுவில் உள்ள நான்காவது பிரேமின் வேகம் இதில் பாதி: வலப்பக்கம் 38, கீழே 11. இரண்டும் சேர்ந்து சாய்வாக ஏறக்குறைய 40 பிக்சல். திசை, கிடைமட்டத்திலிருந்து 16 டிகிரி கீழ்நோக்கி. 180 டிகிரி ஷட்டரில் எடுத்திருந்தால் இழுவை 20 பிக்சல் இருக்க வேண்டும்.

இப்போது நான்காவது பிரேமைப் பெரிதாக்கிக் கடுக்கனின் மின்னலை அளக்கிறோம். அசையாத பிரேமில் அந்த மின்னல் 4 பிக்சல் அகலம். இங்கே 24 பிக்சல் நீளக் கோடாக இருக்கிறது. சொந்த அகலத்தைக் கழித்தால் 20. கணக்கும் காட்சியும் ஒத்துப்போகின்றன. ஷட்டர் 180 டிகிரிதான் என்பது உறுதி. கோடு 14 பிக்சலாக இருந்திருந்தால் இழுவை பத்துதான், ஒளிப்பதிவாளர் 90 டிகிரி வைத்திருக்கிறார் என்று பொருள். படப்பிடிப்புக் குறிப்பு கைக்கு வராதபோதும் இப்படி ஷட்டரைக் கண்டுபிடித்துவிடலாம். கைப்பேசி வீடியோவுக்கு இது இன்னும் அவசியம். உச்சி வெயிலில் கைப்பேசி தானாகவே ஷட்டர் நேரத்தை மிகவும் குறைத்துக்கொள்ளும், மங்கல் அநேகமாக இருக்காது. இரவில் அதே கைப்பேசி நேரத்தைக் கூட்டிக்கொள்ளும், கை அசைத்தாலே கலங்கும்.

இதே முறையில் எல்லாப் பிரேமையும் கணக்கிட்டால் இரண்டாவதில் 8 பிக்சல், மூன்றாவதில் 18, நான்காவதில் 20, ஐந்தாவதில் 11, ஆறாவதில் 3 என்று வருகிறது. கால் நொடிக்குள் மங்கல் ஏறி இறங்கிவிட்டது. திசையும் 15 டிகிரியில் தொடங்கி 19-க்கு மேல் போகிறது, ஏனென்றால் தலை நேர்கோட்டில் போகவில்லை, வளைந்து இறங்குகிறது. மொத்தக் காட்சிக்கும் ஒரே அளவு மங்கலை வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது ஆறாவது பிரேமில்தான். தலை அநேகமாக நின்றுவிட்டது, காது கூர்மைக்குத் திரும்பிவிட்டது, முகம் மட்டும் இன்னும் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. இந்தத் தப்பு, மங்கலே இல்லாத தப்பைவிடப் பளிச்சென்று தெரியும்.

மங்கலை எந்தப் பக்கம் நீட்டுவது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. இழுவையின் நடுப்புள்ளியில் முகத்தை வைத்தோம் அல்லவா? அப்படியானால் மங்கல் முன்னும் பின்னும் சமமாகப் பத்துப் பத்து பிக்சல் நீள வேண்டும். ஒரே பக்கமாக 20 பிக்சல் நீட்டினால் முகம் மொத்தமாகப் பத்து பிக்சல் தள்ளிப்போகும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் `Shutter Angle` 180 என்றும் `Shutter Phase` -90 என்றும் இருப்பது இதற்காகத்தான். கோணத்தில் பாதியைப் பின்னுக்குத் தள்ளினால் மங்கல் நடுவாக அமையும். கோணத்தை 90 ஆக்கினால் இதை -45 ஆக்க வேண்டும். கோணத்தை மாற்றிவிட்டு இதை அப்படியே விட்டுவிடுவதால் வரும் இடப்பெயர்ச்சி சிறியதுதான், ஆனால் வேகமான பிரேம்களில் மூக்கு முகத்தின் நடுவிலிருந்து விலகித் தெரியும்.

தலை திரும்பும்போது ஒரு திசை போதாது

இதுவரை பார்த்தது தலை மொத்தமாக நகரும் கணக்கு. தலை கழுத்தின் மேல் திரும்பும்போது கதை மாறுகிறது. கேமராவை நேராகப் பார்க்கும் ஒருவர் சட்டென்று தலையைத் திருப்புகிறார் என்று வையுங்கள். திரும்பும் அச்சு கழுத்தெலும்பின் வழியாகப் போகிறது. அந்த அச்சிலிருந்து மூக்கு நுனி சுமார் 12 செ.மீ. முன்னால் இருக்கிறது, கண்கள் சுமார் 9 செ.மீ. ஒரு பிரேமுக்குப் பத்து டிகிரி திரும்பினால் மூக்கு நுனி குறுக்காக இரண்டு செ.மீ.க்கு மேல் போகும். கண்கள் ஒன்றரை செ.மீ. அளவுக்குப் போகும். தலையின் விளிம்பில் இருக்கும் காதோ கேமராவை நோக்கியோ விலகியோதான் நகர்கிறது, குறுக்காக அநேகமாக நகர்வதே இல்லை.

திரையில் ஒரு செ.மீ. 20 பிக்சலாக விழுகிறது என்றால், 180 டிகிரி ஷட்டரில் மூக்கு நுனியின் இழுவை 21 பிக்சல், கண்களுடையது 16, காதினுடையது சுழி. ஒரே முகம், ஒரே பிரேம், மூன்று வேறு அளவுகள். கடுக்கனை மட்டும் நம்பி அளந்தால் இங்கே ‘அசைவே இல்லை’ என்று பொய் சொல்லும். மூக்கை நம்பி முழு முகத்தையும் 21 பிக்சல் இழுத்தால் கன்னத்தின் விளிம்பு கரைந்து காதோடு ஒட்டாமல் நிற்கும்.

முகமாற்று மென்பொருள்களில் தரப்படும் தானியங்கி மங்கல் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான். பரவலாகப் பயன்பட்ட டீப்ஃபேஸ்லேப் மென்பொருளில் `motion_blur_power` என்று ஓர் எண் உண்டு. முந்தின பிரேமிலும் அடுத்த பிரேமிலும் முகம் எங்கே இருந்தது என்று பார்த்து, அதற்கேற்ற திசையில் முழு முகத்தையும் ஒரே நேர்கோட்டில் இழுக்கும். தலை பக்கவாட்டில் ஓடும் காட்சிக்கு இது தாராளமாகப் போதும். தலை திரும்பினால் போதாது. காதை நோக்கித் தலை சாய்ந்தால் சுத்தமாக ஆகாது, ஏனென்றால் அங்கே மங்கல் கோடாக இராமல் வில்லாக வளையும். நெற்றி ஒரு பக்கம் போகும், தாடை குறைவாக நகரும் அல்லது எதிர்ப்பக்கம் போகும்.

படங்களில் இதற்குச் செய்யும் வழி, தலையின் முப்பரிமாண உருவம் ஒன்றைத் தயாரித்து, டூப்பின் தலை அசைவுக்கேற்ப பிரேம் பிரேமாக அசைப்பது. மேட்ச்மூவ் என்பார்கள். இந்தப் பொம்மைத் தலை திரையில் தெரிய வேண்டியதில்லை. அதன் ஒவ்வொரு புள்ளியும் அந்தப் பிரேமில் எந்தப் பக்கம், எத்தனை பிக்சல் போகிறது என்ற பட்டியலைத் தந்தால் போதும். நியூக் மென்பொருளின் `VectorBlur` அந்தப் பட்டியலை வாங்கிக்கொண்டு, மாற்றுமுகத்தின் ஒவ்வொரு பிக்சலையும் அதற்கு உரிய திசையில் உரிய அளவு இழுக்கும். மூக்குக்கு 21, கண்ணுக்கு 16, கன்ன ஓரத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்று தானாகவே பிரிந்துகொள்ளும். பொம்மைத் தலையின் அளவு டூப்பின் தலையோடு ஏறக்குறைய ஒத்துப்போனால் போதும். அசைவு துல்லியமாக இருப்பதுதான் முக்கியம்.

இதிலும் ஒரு குறை உண்டு. `VectorBlur` இழுப்பதும் நேர்கோட்டில்தான். ஒரே பிரேமுக்குள் தலை போய் மோதித் திரும்பினால், நேர்கோடு அதைக் காட்டாது. அப்படிப்பட்ட ஓரிரு பிரேம்களுக்கு, இரண்டு பிரேமுக்கு இடையிலான பாதையைப் பத்துப் பதினைந்து சிறு நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு நிலையிலும் முகத்தை வைத்து எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். கேமரா செய்ததையே திருப்பிச் செய்வது இது. நேரம் பிடிக்கும், விடை சரியாக வரும்.

விளிம்பு, வெளிச்சம், கிரெய்ன்

அளவும் திசையும் சரியாக இருந்தும் முகம் ஒட்டாமல் நின்றால், தப்பு பெரும்பாலும் வேலையின் வரிசையில் இருக்கும்.

முகத்தை வெட்டி எடுக்கும் எல்லைக்கு மாஸ்க் என்று பெயர். முகத்தை மட்டும் மங்கவைத்து, கூர்மையான பழைய மாஸ்க்கால் வெட்டினால் உள்ளே கலங்கலும் ஓரத்தில் கத்தி வெட்டும் தெரியும். மாஸ்க்கும் முகத்தோடு சேர்ந்து அதே திசையில் அதே அளவு இழுபட வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: மாஸ்க் தாடையின் விளிம்பு வரை போகக் கூடாது. அங்கே டூப்பின் தாடை ஏற்கெனவே பின்னணியோடு கலந்து பாதி ஒளி ஊடுருவும் நிலையில் இருக்கிறது. அதன் மேல் புதிய விளிம்பை வைத்தால் இரட்டைத் தாடை தெரியும். மாஸ்க்கைக் கன்னத்துக்குள்ளேயே நிறுத்திக்கொண்டால் வெளிவிளிம்பு அசலாகவே இருக்கும், தையல் தோலுக்குள் மறைந்துவிடும். நடிகரின் தாடை டூப்பின் தாடையைவிட அகலம் என்றால் இந்த வசதி கிடைக்காது. பின்னணியைத் தனியாகத் திருத்திக் கட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது வெளிச்சம். கேமரா ஒளியைக் கூட்டுகிறது. கணினிக் கோப்பில் இருக்கும் எண்களோ ஒளியின் நேரான அளவுகள் அல்ல, நம் கண்ணுக்குத் தகுந்தபடி வளைத்து எழுதப்பட்டவை. வெள்ளைக்கு 255, கறுப்புக்கு 0. இரண்டையும் கலந்து பாதி பாதியாக்கினால் கணினி 128 என்று சொல்லும். உண்மையில் ஒளி பாதியாகும்போது கோப்பில் விழும் எண் 188. இந்த வித்தியாசம் தோலில் தெரியாது. கண்ணில் மின்னும் விளக்கிலும் பல்லிலும் வியர்வையிலும் தெரியும். கடுக்கனின் மின்னல் பளபளக்கும் கோடாக இழுபட்டிருக்க, கண்ணின் மின்னல் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தால், மங்கலை வளைந்த எண்களில் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். முதலில் எண்களை நேரான ஒளி அளவுக்கு மாற்றி, பிறகு மங்கவைத்து, கடைசியில் திரும்ப வளைப்பதுதான் முறை.

கடைசியாகக் கிரெய்ன். கேமராவின் சென்சாரில் எழும் பொடிப் புள்ளிகள் தலையோடு நகர்வதில்லை. ஆகவே தலை எவ்வளவு இழுபட்டாலும் அவை கூர்மையாகவே பதிகின்றன. மாற்றுமுகத்தை மங்கவைக்கும்போது அதில் இருந்த பொடியும் சேர்ந்து கரைந்துவிடும். காதும் கழுத்தும் பொடிபொடியாகத் தெரிய, முகம் மட்டும் வழுவழுவென்று மெழுகாக நிற்கும். முதலில் பொடியை நீக்கி, அடுத்து மங்கவைத்து, எல்லாம் முடிந்த பிறகே காட்சியின் பொடியைப் புதிதாகத் தூவ வேண்டும். வரிசை மாறினால் பொடியே கோடுகோடாக இழுபட்டு நிற்கும்.

பார்ப்பவருக்கு இது எதற்கு?

சந்தேகப்படும்படியான வீடியோ ஒன்று கைக்கு வந்தால் இதே அறிவை வைத்துப் பார்க்கலாம். யூடியூபில் படத்தை நிறுத்திவிட்டு `,` அல்லது `.` விசையை அழுத்தினால் ஒவ்வொரு பிரேமாக நகரும். தலை வேகமாகத் திரும்பும் இடத்துக்குப் போங்கள். கண்ணையும் காதோரத்து முடியையும் மாறி மாறிப் பாருங்கள். தலை மொத்தமாக நகரும்போது இரண்டும் ஒரே அளவில் இழுபட வேண்டும். தலை திரும்பும்போது மூக்கு அதிகமாகவும் காது குறைவாகவும் இழுபட வேண்டும். அசைவு நின்ற பிரேமில் எல்லாம் ஒன்றாகக் கூர்மைக்குத் திரும்ப வேண்டும். இதில் எதுவும் பிசகினால் சந்தேகப்படக் காரணம் இருக்கிறது.

ஆனால் இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்த வீடியோவில், கோப்பைச் சுருக்கும்போதே நுண்ணிய விவரங்கள் அழிந்துபோயிருக்கும். கைப்பேசிகள் முகத்தை அடையாளம் கண்டு அதை மட்டும் தாங்களாகவே கூர்மையாக்குவதும் உண்டு. அசல் வீடியோவும் அதனால் போலியாகத் தோன்றலாம். மறுபக்கம், மேலே சொன்ன வரிசையில் ஒருவர் பொறுமையாக வேலை செய்திருந்தால் மங்கலில் எந்தத் தடயமும் மிஞ்சாது. மங்கல் பொருந்தாதது ஒரு துப்பு. பொருந்துவது உண்மைக்குச் சான்று ஆகாது.

இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் கடைப்பிடிக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. இழுவை மிக அதிகமான பிரேம்களில், அதாவது கண்ணும் வாயும் தங்கள் அகலத்துக்கு மேல் இழுபட்டு யார் முகம் என்றே சொல்ல முடியாமல் போகும் இடங்களில், அவர்கள் முகத்தை மாற்றுவதே இல்லை. டூப்பின் முகத்தை அப்படியே விட்டு, தோல் நிறத்தை மட்டும் நடிகருடையதற்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே கேமரா பதிந்த அசல் மங்கலைவிடச் சரியான மங்கலை யாராலும் செய்ய முடியாது. நம் எடுத்துக்காட்டில் முகம் சிறியதாக, தூரத்தில் இருந்திருந்தால் மூன்றாவது, நான்காவது பிரேம்களை இப்படியே விட்டிருக்கலாம். மிச்சப்படும் நேரம் முழுவதையும் இரண்டாவது, ஐந்தாவது, ஆறாவது பிரேம்களில் செலவிடுவார்கள். தலை வேகம் எடுக்கும் பிரேமும் வேகம் அடங்கும் பிரேமும்தான் பார்ப்பவர் முகத்தை அடையாளம் காணும் இடங்கள். 8 பிக்சலும் 3 பிக்சலும் சரியாக இருந்தால், நடுவில் இருக்கும் 20 பிக்சலை யாரும் கேள்வி கேட்பதில்லை.